நாடகப் பக்கத்தின் போட்டோவைப் பார்த்து டைப் செய்வது எப்படி: பெயர், வசனம், மேடைக் குறிப்பு மூன்றும் கலக்காமல்

சென்னையில் ஒரு நாடகக் குழு பழைய நாடகம் ஒன்றை மறுபடி போட நினைத்தால், முழுப் புத்தகம் கைக்கு வருவது அபூர்வம். யாரோ போனில் எடுத்த பக்கங்கள் வாட்ஸப்பில் வரும். குழுவில் புதிதாகச் சேர்ந்தவரைக் கூப்பிட்டு, "இதை டைப் பண்ணிக் கொடுப்பா" என்பார்கள். அவரும் முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரி வரை அப்படியே அடித்துக் கொடுப்பார்.

அப்படி வரும் பிரதியில் எழுத்துப்பிழை அதிகம் இருக்காது. சிக்கல் ரிகர்சலில்தான் தெரியும். ஒருவர் வசனம் இன்னொருவர் பெயரில் இருக்கும். "எழுந்து நிற்கிறான்" என்பதை நடிகர் வசனமாகவே வாசித்துவிடுவார். நடுவில் ஒரு பதில் காணாமல் போயிருக்கும்.

இதற்குப் பெரும்பாலும் காரணம் வேலை செய்யும் வரிசை. மேலிருந்து கீழே போகாமல், பக்கத்தின் எல்லாப் பெயர்களையும் முதலில், மேடைக் குறிப்புகளை அடுத்து, வசனத்தைக் கடைசியாக எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பங்களில் பெரும்பகுதி வராது. அந்த வரிசையில்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

## 1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

டைப் செய்யப் போகும் பக்கம் மட்டும் போதாது. அதற்கு முந்தைய பக்கத்தின் போட்டோ வேண்டும், ஏனென்றால் பாதி வசனத்தில் பக்கம் மாறியிருக்கலாம். அந்தக் காட்சி தொடங்கும் பக்கம் வேண்டும், மேடையில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அங்கேதான் இருக்கும். நாடகத்தின் முன்பக்கத்தில் வரும் பாத்திரங்கள் பட்டியலும் வேண்டும்.

பட்டியல் எதற்கு என்றால், பழைய அச்சுப் பிரதிகளில் பெயரை முழுதாகப் போடாமல் "கோ:", "ராக:" என்று சுருக்கிவிடுவார்கள். பட்டியலில் கோமதியும் இருந்து கோபாலனும் இருந்தால் "கோ" யார்? காட்சித் தொடக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்தக் காட்சியில் கோபாலனே இல்லையென்றால் விஷயம் முடிந்தது. இருவரும் இருந்தால் அச்சடித்தவரே "கோம", "கோபா" என்று பிரித்துப் போட்டிருக்கிறாரா என்று முந்தைய பக்கங்களில் தேடுங்கள்.

தரமணி ரோஜா முத்தையா நூலகம், எழும்பூர் கன்னிமாரா போன்ற இடங்களில் உள்ள பிரதி என்றால் போட்டோ எடுக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நாடகத்தின் உரிமை ஒருபக்கம் இருக்கிறது. ஆசிரியர் இறந்து 60 ஆண்டு ஆகவில்லை என்றால், டைப் செய்து வைப்பது வேறு, மேடையேற்றுவது வேறு. இரண்டாவதற்கு உரிமை உள்ளவரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

## 2. போட்டோவில் பெயர்ப் பத்தி முழுதாக இருக்கிறதா?

நாடகப் புத்தகத்தில் பாத்திரப் பெயர்கள் இடது ஓரத்தில் இருக்கும். விரித்த புத்தகத்தின் வலப்பக்கத்தை எடுத்தால் அந்த இடது ஓரம் சரியாக நடு மடிப்பில் விழும். வசனம் பளிச்சென்று தெரியும், பெயர்களின் முதல் எழுத்து மட்டும் நிழலில் மறைந்திருக்கும். கதை எழுதிய புத்தகமாக இருந்தால் ஓர் எழுத்து போனாலும் ஊகித்துவிடலாம். இங்கே அந்த ஓர் எழுத்துதான் பேசுகிறவர் யார் என்பதைச் சொல்கிறது.

ஆகவே டைப் செய்யும் முன் வலப்பக்கப் போட்டோ ஒவ்வொன்றிலும் இடது ஓரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மறைந்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் தட்டையாகப் பிடித்து மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வலது ஓரமும் முக்கியம். சில பழைய அச்சுகளில் "[போகிறான்" போன்ற குறிப்புகளை வலது ஓரத்தில் தள்ளிப் போட்டிருப்பார்கள். "வசனம் முழுதாகத் தெரிகிறதே" என்று போனில் படத்தை வெட்டி அனுப்பும்போது முதலில் போவது அதுதான்.

போட்டோவில் உள்ள எழுத்தைக் கணினியே படித்துத் தரும் ஓ.சி.ஆர். போட்டு எடுத்த உரையை வைத்துத் தொடங்கலாமா என்று கேட்பார்கள். எழுத்துக்களை அடிக்கும் வேலை குறையும், உண்மைதான். ஆனால் பெயர்கள் தனிப் பத்தியாக இருக்கும் பக்கத்தில் அது சில சமயம் எல்லாப் பெயர்களையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, பிறகு எல்லா வசனங்களையும் தரும். எந்தப் பெயருக்கு எந்த வசனம் என்பதைத் திரும்ப ஒட்டவைக்கும் நேரத்தில் பக்கத்தையே அடித்துவிடலாம். வசனத்துக்கு மட்டும் பயன்படுத்துங்கள். பெயர்களை நீங்களே அடியுங்கள்.

## 3. குறிகளை முதலிலேயே முடிவு செய்யுங்கள்

ஆங்கில நாடகங்களில் பாத்திரப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டால் தனியாகத் தெரிந்துவிடும். நமக்குப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து கிடையாது. தடித்த எழுத்தை நம்பினால், வாட்ஸப்பிலோ மின்னஞ்சலிலோ ஒட்டும்போது அது காணாமல் போய்விடலாம். அதனால் வெறும் உரையிலேயே நிற்கும் குறிகள் வேண்டும். திரைக்கதை எழுதுகிறவர்கள் பயன்படுத்தும் ஃபவுண்டன் என்ற எளிய முறையில் இருப்பவையே நமக்குப் போதும்:

```
.       வரித் தொடக்கத்தில்: காட்சித் தலைப்பு
@       வரித் தொடக்கத்தில்: பாத்திரப் பெயர்
( )     பேசுகிறவருக்கான குறிப்பு
!       வரித் தொடக்கத்தில்: தனியே நிற்கும் மேடைக் குறிப்பு
[[ ]]   டைப் செய்கிறவர் எழுதும் குறிப்பு
```

ஒரு பேச்சு முடிந்ததும் ஒரு வெற்று வரி விடுங்கள். பேச்சுக்கு நடுவில் வெற்று வரி விட வேண்டாம். அந்த வெற்று வரிதான் ஒருவர் பேச்சு எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளம்.

கடைசிக் குறியைத்தான் பலரும் தேவையில்லை என்று விட்டுவிடுகிறார்கள். அச்சில் இருக்கும் அடைப்புக்கும், நீங்கள் சேர்க்கும் அடைப்புக்கும் வித்தியாசம் தெரியாவிட்டால், "(சரியாகத் தெரியவில்லை)" என்று நீங்கள் எழுதியதை நடிகர் முகத்தில் குழப்பம் காட்டச் சொல்கிறார்கள் என்று எடுத்துக்கொள்வார்.

## 4. பெயர்களை மட்டும் முதலில் அடியுங்கள்

பக்கத்தின் இடது ஓரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு மேலிருந்து கீழே வாருங்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு `@` வரி, அடுத்து ஒரு வெற்று வரி. வசனத்தைத் தொடாதீர்கள். சுருக்கப் பெயரை இப்போதே முழுப் பெயராக்கிவிடுங்கள்.

நாடகத்தில் ஒரே பெயர் அடிக்கடி திரும்ப வரும். ஒரே மாதிரி சின்னப் பதில்களும் வரும். ஒரு "ம்." அடித்துவிட்டுப் போட்டோவுக்குத் திரும்பும் கண், இரண்டு வரி தள்ளி இருக்கும் இன்னொரு "ம்."-இல் போய் நிற்கும். இடையில் இருந்த பேச்சு போய்விடும், அடித்தவருக்குத் தெரியாது. பெயர்கள் ஏற்கெனவே வரிசையாக நின்றால், வசனம் இல்லாத `@` ஒன்று மிச்சம் இருப்பது உடனே கண்ணில் படும்.

இந்த நிலையில் மூன்று இடத்தில் நிதானம் வேண்டும்.

பக்கத்தின் முதல் வரிக்குப் பெயர் இல்லையென்றால் அது முந்தைய பக்கத்தில் கடைசியாகப் பேசியவருடையது. அவர் பெயரை `@` போட்டு எழுதி, அடுத்த வரியில் இரட்டை அடைப்புக்குள் "தொடர்ச்சி" என்று குறியுங்கள். பெயர் இருக்கும் அதே வரியில் குறிப்பை ஒட்ட வேண்டாம். பின்னால் பெயர்களை எண்ணும்போது அது வேறு ஆளாகத் தெரியும்.

தனி மேடைக் குறிப்புக்குப் பிறகு பெயரில்லாமல் வசனம் வந்தால், அதற்கு முன் பேசியவரே தொடர்கிறார். குறிப்பில் "பஞ்சு வருகிறான்" என்று இருப்பதால் அடுத்த வரி பஞ்சுவுடையது என்று எடுத்துக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

குழுக்களின் பழைய பிரதிகளில் பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் இன்னொரு பெயர் எழுதியிருக்கும். அது அந்தக் காலத்தில் அந்த வேடம் போட்டவர் பெயர். "லைட் கட்", "மியூசிக்" என்றும் கிறுக்கியிருப்பார்கள். இவை ஆசிரியர் எழுதியவை அல்ல. வேண்டுமென்றால் `[[பென்சிலில்: லைட் கட்]]` என்று வைத்துக்கொள்ளுங்கள், `!` போடாதீர்கள்.

## 5. அடுத்து மேடைக் குறிப்புகள்

இப்போது அடைப்புகளை மட்டும் தேடுங்கள். அவை இருக்கும் இடத்தைப் பொறுத்து மூன்று விதம்.

பெயரை ஒட்டி, பேச்சு தொடங்கும் முன் வருவது: "ராக: (கோபமாக)". இதைப் பெயருக்கு அடுத்த வரியில் தனியாக வையுங்கள். பேச்சின் நடுவே வருவதை அது இருக்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே விட்டுவிடுங்கள். "சார், (தம்ளரை நீட்டி) சூடா இருக்கு" என்றால், கூப்பிட்ட பிறகுதான் கை நீள வேண்டும். பார்வைக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்னால் தள்ளினால் நடிப்பு மாறிவிடும். எந்தப் பேச்சுக்கும் உள்ளே இல்லாமல் தனியாக நிற்பது மூன்றாவது, அதற்கு `!`.

பழைய அச்சில் தனிக் குறிப்பைச் சதுர அடைப்பில் தொடங்கி, மூடாமலே விட்டிருப்பார்கள். "[போகிறாள்" என்று மட்டும் நிற்கும். அது அந்த அச்சின் வழக்கமாக இருக்கலாம். `!` போட்டுவிட்டால் அடைப்பே தேவையில்லை.

வளைவு அடைப்பு மூடாமல் இருந்தால்தான் வேலை. குறிப்பு எங்கே முடிந்து பேச்சு எங்கே தொடங்குகிறது? சமூக நாடகங்களில் மொழியே காட்டிக்கொடுக்கும். குறிப்புகள் எழுத்துத் தமிழில் இருக்கும்: "படிக்கிறாள்", "மடித்து", "தேடியபடி". வசனம் பேச்சுத் தமிழில் இருக்கும்: "வர்றாங்க", "சொல்றேன்". நடை மாறும் இடத்தில் அடைப்பை மூடலாம். ராஜா ராணி நாடகங்களில் இரண்டுமே எழுத்துத் தமிழ் என்பதால் இந்த வழி உதவாது. அங்கே வினைமுற்றைப் பாருங்கள். குறிப்பு அவனை, அவளைப் படர்க்கையில் சொல்லும். வசனம் பெரும்பாலும் நான், நீ என்று பேசும். எப்படி மூடினாலும், மூடியது நீங்கள் என்று ஒரு குறிப்பு இருக்கட்டும்.

வினைமுற்று இன்னொன்றுக்கும் உதவும். "[போகிறார்" என்ற குறிப்பு ஒரு வேலைக்காரனின் வசனத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே நாடகம் முழுக்க அவனுக்கு "வருகிறான், போகிறான்" என்றே போட்டிருந்தால், போகிறவர் அவன் இல்லை. மேடையில் இருக்கும் பெரியவர். மங்கிய பிரதியில் மட்டும் இதை முழுதாக நம்ப வேண்டாம். "ன்" எது "ள்" எது என்று தெரியாத அளவுக்கு மை போயிருக்கும். பெரிதாக்கிப் பார்த்தும் தெரியவில்லையென்றால் இரண்டையும் எழுதிவிடுங்கள்: `[[வருகிறான் / வருகிறாள்?]]`.

## 6. கடைசியாக வசனம்

இனி ஒவ்வொரு பெயருக்கும் கீழே வசனத்தை நிரப்பினால் போதும். இங்கே முக்கிய எதிரி போன் கீபோர்டின் பரிந்துரை. "வெச்சிருக்காங்க" என்று அடிக்கும்போதே "வைத்திருக்கிறார்கள்" என்று நீட்டும். "இன்னாபா" என்ற மெட்ராஸ் பேச்சை "என்னப்பா" ஆக்கிவிடும். தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுத் தொடங்குங்கள். ஆசிரியர் "ஞாயித்துக்கெழமை" என்று எழுதியிருந்தால் அதுவே இருக்கட்டும். வசனம் எழுத்துத் தமிழாக மாறினால் பாத்திரம் கெடும். அதோடு, குறிப்பையும் பேச்சையும் பிரித்துக் காட்டிய நடை வித்தியாசமும் அழிந்துவிடும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் "லை", "னை", "றா" போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும். அவற்றை இன்றைய வடிவத்திலேயே அடியுங்கள், குறிப்பு தேவையில்லை. அது எழுத்துரு வேறுபாடு மட்டும்தான்.

அச்சில் வரி உடைந்த இடத்திலெல்லாம் நீங்களும் உடைக்க வேண்டாம். ஒரு பேச்சு ஒரே பத்தியாக ஓடட்டும். பாட்டோ செய்யுளோ வந்தால் மட்டும் அதன் வரிகளை அப்படியே காப்பாற்றுங்கள்.

## 7. ஒரு பக்கத்தை வைத்துப் பார்ப்போம்

இது உதாரணத்துக்காக நானே எழுதியது. போட்டோவில் இப்படி இருக்கிறது:

```
தான் சொல்றேன். நீங்க கேக்கறதே இல்ல.
ராக: (பேப்பரை மடித்து) என்ன சொன்னே?
கோ: ஒண்ணும் இல்ல.
                    [பஞ்சு காபியுடன் வருகிறான்
பஞ்: சார், (தம்ளரை நீட்டி) சூடா இருக்கு.
ராக: ம்.
கோ: (கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாள் ஏங்க,
பொண்ணு வீட்டுக்காரங்க ஞாயித்துக்கெழமை
வர்றாங்களாம்!
ராக: ம்.
பஞ்: நான் வேணா ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேன் சார்.
                    [போகிறார்
```

இடது ஓரத்தில் 7 பெயர்கள். முதல் வரி முந்தைய பக்கத்தில் கோமதி தொடங்கியது, ஆக மொத்தம் 8 `@`. கோமதியின் வளைவு அடைப்பு மூடவில்லை. "படிக்கிறாள்" எழுத்து நடை, "ஏங்க" பேச்சு நடை, எனவே நடுவில் மூட வேண்டும். கடைசிக் குறிப்பைப் படித்தால் ஸ்டேஷனுக்குப் போவதாகச் சொன்ன பஞ்சுதான் கிளம்புகிறான் என்று தோன்றும். ஆனால் மேலே அவனுக்கு "வருகிறான்" என்று இருக்கிறது. "போகிறார்" ராகவனுக்குத்தான் பொருந்தும். பெண் வீட்டார் வருகிற செய்தியைக் கேட்டுவிட்டு ஒரு "ம்." மட்டும் சொல்லி அவர் எழுந்து போகிறார். பஞ்சுவை அனுப்பிவிட்டால் காட்சியின் பொருளே மாறிவிடும்.

டைப் செய்த பிரதி:

```
[[பக். 23]]

@கோமதி
[[பக். 22 தொடர்ச்சி]]
தான் சொல்றேன். நீங்க கேக்கறதே இல்ல.

@ராகவன்
(பேப்பரை மடித்து)
என்ன சொன்னே?

@கோமதி
ஒண்ணும் இல்ல.

!பஞ்சு காபியுடன் வருகிறான்

@பஞ்சு
சார், (தம்ளரை நீட்டி) சூடா இருக்கு.

@ராகவன்
ம்.

@கோமதி
(கடிதத்தைப் பிரித்துப் படிக்கிறாள்)
[[அடைப்பு மூலத்தில் மூடவில்லை]]
ஏங்க, பொண்ணு வீட்டுக்காரங்க ஞாயித்துக்கெழமை வர்றாங்களாம்!

@ராகவன்
ம்.

@பஞ்சு
நான் வேணா ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேன் சார்.

!போகிறார்
[[ராகவன்?]]
```

"ராகவன் போகிறார்" என்று குறிப்பையே திருத்தி எழுதாததைக் கவனியுங்கள். அது நம் கணிப்பு. இயக்குநர் வேறு மாதிரி முடிவு செய்யலாம். அச்சில் என்ன இருந்தது என்பது அவருக்குத் தெரிய வேண்டும். இந்தப் பக்கத்தில் கண் தாவக்கூடிய இடம் அந்த இரண்டு "ம்."தான். தாவினால் கோமதி கடிதம் படிக்கும் பேச்சு, அதாவது பக்கத்தின் ஒரே செய்தி, போய்விடும்.

## 8. பெயர்களை எண்ணுங்கள்

காட்சி முடிந்ததும் `@` வரிகளை மட்டும் தனியே எடுத்து எண்ணிப் பாருங்கள். லினக்ஸ் அல்லது மேக் டெர்மினலில், உங்கள் கோப்பின் பெயர் `katchi3.txt` என்றால்:

```
grep '^@' katchi3.txt | LC_ALL=C sort | LC_ALL=C uniq -c
```

ஒவ்வொரு பெயரும் எத்தனை முறை வருகிறது என்று காட்டும். "ராகவன்" 41, "ராகவண்" 1 என்று வந்தால் எங்கே போய்த் திருத்துவது என்று தெரிந்துவிடும். `LC_ALL=C` எதற்கு என்றால், சில கணினிகளில் அது இல்லாவிட்டால் வெவ்வேறு தமிழ்ச் சொற்களை ஒன்றாகவே கணக்கிட்டுவிடும். டெர்மினல் பழக்கமில்லை என்றால் எடிட்டரில் `@` என்று தேடி ஒவ்வொன்றாகத் தாண்டிப் பார்த்தாலும் போதும், கொஞ்சம் நேரம் எடுக்கும்.

சில சமயம் "கோமதி" இரண்டு வரிகளில், ஒரே எழுத்தில், தனித்தனி எண்ணிக்கையோடு வந்து நிற்கும். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. "கோ"வில் உள்ள ஓகாரத்தை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். இரண்டு பேர் பக்கங்களைப் பிரித்து அடிக்கும்போதும், பழைய எழுத்துருவில் இருந்த உரையை மாற்றி ஒட்டும்போதும் இது நடக்கும். "ஸ்ரீதர்" போன்ற பெயரில் ஸ்ரீக்கும் இதே கதை. ஒரு சரியான `@கோமதி` வரியைக் காப்பி எடுத்து மற்ற வகை எல்லாவற்றின் மேலும் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் நடிகை தன் பெயரைத் தேடித் தன் வசனங்களை எடுக்கும்போது பாதிதான் கிடைக்கும்.

## 9. அச்சுப் பிரதி

லிப்ரே ஆபீஸில் உரையை ஒட்டி, `Find & Replace` திறந்து `Regular expressions` டிக் செய்யுங்கள். `^@.*$` என்று போட்டு `Find All` கொடுத்தால் பெயர் வரிகள் மட்டும் தேர்வாகும். அவற்றுக்கு ஒரு பத்திப் பாணி கொடுங்கள். தனிக் குறிப்புகளுக்கு `^!.*$`. பேச்சுக்குள் இருக்கும் குறிப்புகளுக்கு `\([^)]*\)` போட்டு எழுத்துப் பாணி. பாணி எல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் `@`, `!` இரண்டையும் நீக்க வேண்டும். முதலில் நீக்கிவிட்டால் எது பெயர் என்று கணினிக்குச் சொல்ல வழியில்லை.

மேடைக் குறிப்புக்குச் சாய்வெழுத்து பலரும் கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தமிழில் பல எழுத்துருக்களுக்குத் தனிச் சாய்வு வடிவம் கிடையாது, நேர் எழுத்தையே கணினி சாய்த்துக் காட்டும். ரிகர்சல் ஹால் வெளிச்சத்தில் படிப்பது சிரமம். அடைப்புக்குறியோடு சாம்பல் நிறம், ஒரு அளவு சின்ன எழுத்து, இது போதும். பெயர் தடித்த எழுத்தில் இருக்கட்டும்.

அச்செடுக்கும் முன் இரண்டு பேர் உட்கார்ந்து ஒருமுறை ஒத்துப் பாருங்கள். ஒருவர் போட்டோவைப் பார்த்து உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர் டைப் செய்த பிரதியில் விரலை ஓட்ட வேண்டும். படிக்கிறவர் "ராகவன், அடைப்பு, பேப்பரை மடித்து, அடைப்பு முடிஞ்சது, என்ன சொன்னே" என்று குறிகளையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். வசனத்தை மட்டும் நடித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்திவிட்டு அந்தப் பேச்சின் பெயரிலிருந்து மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். நாடகக்காரர்கள் கட்டாயம் நடித்துத்தான் படிப்பார்கள்.